ஹோட்டல் அறைப் படத்துக்குப் பிராம்ப்ட்: விளக்கைப் போட்டால் விரிப்பு மஞ்சளாகிறது

தோட்டத்துப்பையன்
வணக்கம் எல்லோருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை ஒருவர் வாங்கி, சின்ன ஹோட்டலாக மாற்றுகிறார். மொத்தம் நாலு அறைகள், அதில் ஒன்று பெரிய ஸ்வீட். அறையில் பலகைத் தரை போட்டாயிற்று, நாக்கோ சன்னல்களைப் பழுது பார்த்தாயிற்று, ஆனால் கட்டில், விளக்கு, விரிப்பு எதுவும் இன்னும் வரவில்லை. இதற்குள் பயண முன்பதிவுத் தளத்தில் பக்கம் திறக்க வேண்டும், அறை எப்படி இருக்கும் என்று ஒரு படம் வேண்டும் என்கிறார். அவருக்கு வேண்டியது இரண்டே விஷயம்: கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இதமான விளக்கு வெளிச்சம், வெள்ளை லினன் விரிப்பு.

ஏஐ படக் கருவிக்கு நான் எழுதிய பிராம்ப்ட் இது:

```
luxury hotel suite, warm lamps, linen bed, cozy warm
atmosphere, golden light, tropical, ultra realistic, 8k
```

வருகிற படம் முதல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விரிப்பு வெள்ளையாக இல்லை, டீத்தூள் கறை மாதிரி ஒரு மஞ்சள். துணியும் லினன் மாதிரி இல்லை, பளபளவென்று சாட்டின் மாதிரி வழுக்குகிறது. சன்னலுக்கு வெளியே தென்னை மரமும் கடலும்! சுங்கை சிப்புட்டில் கடல் எங்கே வந்தது. என்ன மாற்றலாம், சொல்லுங்கள்.

பிக்சல் ராஜா
சுலபம் தம்பி. `no yellow, no satin, no coconut trees` என்று கடைசியில் சேர்த்துவிடு. அப்புறம் விளக்கின் நிற வெப்பநிலையை 2700K என்று எண்ணோடு போடு. எண் கொடுத்தால் அது கணக்குப் போட்டுச் சரியாக வரையும். `masterpiece, award winning` இரண்டையும் சேர், தரம் கூடும்.

கடைசி பெஞ்ச்
வார்ம் விளக்குதானே வேண்டும்? டவுனில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். பெட்டியில் ‘வார்ம் வைட்’ என்று போட்டிருக்கும், 2700 அல்லது 3000. படுக்கைப் பக்கத்துக்கு 5 வாட் எல்இடி போதும், 9 வாட் போட்டால் கண் கூசும். ‘டேலைட்’ 6500 வாங்கிவிடாதீர்கள், ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும்.

தோட்டத்துப்பையன்
அண்ணே, நான் கேட்டது படத்துக்கு, விளக்கு வாங்க இல்லை 😄 ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

ராஜா அண்ணன் சொன்னபடி போட்டுப் பார்த்தேன். தென்னை மரம் போகவில்லை, கூடத்தான் வந்தது. மஞ்சளும் அப்படியே.

நிழல்வெளிச்சம்
ஈப்போவில் ஹோட்டல், ஹோம்ஸ்டே அறைகளைப் படம் எடுப்பது என் வேலை. கொஞ்ச காலமாக இந்தப் பிராம்ப்ட் வேலையும் வருகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த `no` விஷயம். பிராம்ப்டில் நீ எழுதும் பொருள்களின் பெயரைத்தான் இந்த மாடல்கள் வலுவாகப் பிடித்துக்கொள்ளும், முன்னால் இருக்கும் மறுப்புச் சொல்லை அவ்வளவாகக் கவனிக்காது. தென்னை வேண்டாம் என்று எழுதினால் தென்னை என்ற சொல் உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். வேண்டாததைச் சொல்லத் தனி இடம் உண்டு. மிட்ஜர்னியில் கடைசியில் `--no`, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நெகட்டிவ் பெட்டி. ராஜா மனத்தில் இருந்தது அதுவாக இருக்கலாம். அதைவிட நல்ல வழி, அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிவிடுவது. சன்னலுக்கு வெளியே `oil palms` என்று எழுதினால் தென்னைக்கு இடமே இல்லை. நீ `tropical` என்று எழுதியதால்தான் கடல் வந்தது. அந்தச் சொல்லோடு இணையத்தில் கிடக்கும் படங்களில் பெரும்பாலானவை கடற்கரை விடுதிகள், அதில் கொசுவலைக் கட்டிலும் சேர்ந்தே வரும்.

இப்போது மஞ்சள். உன் பிராம்ப்டை நீயே ஒரு தடவை படித்துப் பார். `warm` இரண்டு தடவை, `cozy`, `golden`. நாலும் ஒரே பக்கம் இழுக்கிறது. இவற்றை மாடல் விளக்கின் நிறமாக மட்டும் எடுத்துக்கொள்ளாது, படம் முழுவதன் நிறமாக எடுத்துக்கொள்ளும். மாடல் கற்றுக்கொண்ட படங்களில் அப்படிக் குறிப்பு எழுதப்பட்டவை பெரும்பாலும் ஆரஞ்சு பூசித் திருத்தப்பட்ட படங்கள். அதனால் அது ஒழுங்காக, நீ கேட்டபடி, சுவர், கூரை, விரிப்பு, சன்னல் எல்லாவற்றுக்கும் ஒரே ஆரஞ்சைப் பூசிக் கொடுத்துவிட்டது.

நிஜ அறையில் அப்படி இருக்காது. ஒரு விளக்கு இதமாகத் தெரிவது பக்கத்தில் அதைவிடக் குளிர்ந்த ஒளி ஒன்று இருப்பதால். அதற்குத்தான் நாங்கள் இந்த மாதிரி அறையை அந்தி நேரத்தில் எடுக்கிறோம். நம் ஊரில் சூரியன் ஏழு, ஏழரைக்குள் இறங்கிவிடும், அப்புறம் இருபது நிமிடம் போல வானம் நீலமாக இருக்கும், அப்போது வெளி வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும். சன்னலும் வெளுத்துப் போகாது, விளக்கும் தெரியும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், ஓடி ஓடி எடுக்க வேண்டும். பத்திரிகைகளில் பார்க்கும் நல்ல ஹோட்டல் படங்களில் நிறைய இந்த நேரத்தில் எடுத்தவைதான். `dusk` என்று எழுதி, சன்னல் ஒளி நீலம் என்றும் சொன்னால் மாடலுக்கு அந்த வகைப் படங்கள் ஞாபகம் வரும்.

ஆகவே மனநிலையை எழுதாதே. எந்த விளக்கு, எங்கே இருக்கிறது, அதன் ஒளி எங்கே விழுகிறது, எந்த விளக்கு அணைந்திருக்கிறது என்பதை எழுது. கூரை விளக்கு அணைந்திருக்கிறது என்று சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் கூரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழி விளக்குகளை அதுவாகவே வைத்துவிடும், அப்புறம் படுக்கை விளக்கு எரிந்தும் பிரயோசனம் இல்லை.

இப்படி முயன்று பார்:

```
Interior photograph of a hotel suite bedroom in an old
timber plantation bungalow at dusk. King bed with white
stonewashed linen, visible weave, soft creases. Two bedside
lamps with cream fabric shades are lit, pools of light on
the wall and pillows, ceiling lights off. Blue dusk light
through louvred glass windows, oil palms outside. Dark plank
floor. The linen stays white. Seen from the foot of the bed
at seated eye height, 28mm lens, straight verticals.
```

`luxury` எங்கே என்று கேட்பாய். வேண்டாம். அந்தச் சொல் வந்தால் பட்டன் தைத்த உயரமான தலைமாட்டுப் பலகை, சரவிளக்கு, தங்க விளிம்பு, சாட்டின் எல்லாம் பின்னாலேயே வரும். உன் துணி பளபளத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். லினன் பளபளக்காது. நூல் ஒரே தடிமனாக இருக்காது, அங்கங்கே தடித்திருக்கும், சீக்கிரம் கசங்கும். நெசவும் கசங்கலும் தெரிய வேண்டும் என்று எழுதினால்தான் லினன் வரும்.

பிக்சல் ராஜா
சரி, `no` விஷயத்தை விடுங்கள். ஆனால் 2700K வேலை செய்யாது என்று நீங்கள் சொல்லவில்லையே? நான் போட்டால் வெளிச்சம் மாறத்தான் செய்கிறது.

நிழல்வெளிச்சம்
மாறும். அந்த எண் எழுதிய படக்குறிப்புகளையும் அது படித்திருக்கும் அல்லவா. ஆனால் கணக்குப் போடாது. 2700-க்கும் 3000-க்கும் உள்ள வித்தியாசத்தை அதனிடம் எதிர்பார்க்காதே, 2700 என்று எழுதியதும் அறை முழுவதையும் மஞ்சளாக்கிவிடவும் கூடும். போடுவதென்றால் விளக்கு வாக்கியத்துக்குள் போடு, தனியாகத் தொங்கவிடாதே. `masterpiece` எல்லாம் முதலில் வந்த சில மாடல்களுக்கு உதவியது. இப்போது பெரும்பாலும் படத்தை மெருகேற்றி, பிளாஸ்டிக் மாதிரி ஆக்குவதற்குத்தான் உதவும். மிட்ஜர்னி என்றால் `--style raw` போடு, அதன் சொந்த அலங்காரம் குறையும்.

தோட்டத்துப்பையன்
அண்ணே, ரொம்ப நன்றி. போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம். விரிப்பு இப்போது துணி மாதிரி இருக்கிறது, செம்பனை வந்துவிட்டது. ஆனால் இரண்டு சந்தேகம். ஒன்று, சில படங்களில் இன்னும் லேசாக மஞ்சள் இருக்கிற மாதிரி தோன்றுகிறது, முதலாளி ‘இது ஓகேதான்’ என்கிறார், எனக்குக் கண் பழகிப்போய்த் தெரியவில்லை. எப்படிச் சோதிப்பது? இரண்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அறை வருகிறது. எங்கள் அறையில் இடது பக்கம் மட்டும்தான் சன்னல், படத்தில் மூன்று பக்கமும் சன்னல்.

நிழல்வெளிச்சம்
கண்ணை நம்பாதே, நிறம் எடுக்கும் கருவியை நம்பு. எந்தப் படத் திருத்தும் செயலியிலும் இருக்கும். விரிப்பில் இரண்டு இடத்தைத் தொடு: விளக்குக்குப் பக்கத்துத் தலையணை ஓரம், அப்புறம் சன்னல் பக்கம் நிழலில் இருக்கும் விரிப்பு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண் காட்டும். விளக்குப் பக்கம் 250, 232, 205 போல வந்தால் சரி, சிவப்பு கூட, நீலம் குறைவு, அது விளக்கு ஒளி. சன்னல் பக்கம் 200, 207, 218 போல நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். இந்த எண்கள் மாதிரிக்குத்தான், அப்படியே வர வேண்டும் என்று இல்லை. இரண்டு இடத்துக்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் 235, 200, 150 மாதிரி ஒரே சாயல் வந்தால் படம் முழுக்க மஞ்சள் பூசியிருக்கிறது.

அப்படிப் பூசிய படத்தைச் செயலியில் குளிர்ச்சிப் பக்கம் தள்ளிச் சரி செய்யலாம் என்று சிலர் நினைப்பார்கள். விரிப்பு வெள்ளையாகும், ஆனால் விளக்கின் இதமும் கூடவே போய்விடும், ஏனென்றால் அந்தப் படத்தில் இரண்டு ஒளி என்பதே இல்லை. பிராம்ப்டுக்குத் திரும்பிப் போவதுதான் வழி. போகும்போது சீட் எண்ணை, அதாவது படம் எங்கிருந்து தொடங்கி வரையப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் எண்ணை, மாற்றாமல் வைத்து ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்று. இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று உனக்கே தெரியாது.

அறை மாறுவதற்குச் சொல்லால் மருந்து இல்லை. ‘இடது பக்கம் மட்டும் சன்னல்’ என்று எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அடிக்கடி பிசகும். உன்னிடம் நிஜ அறை இருக்கிறதே, காலியாக இருந்தால் என்ன? கட்டில் கால்மாடு வரப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு படம் எடு. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் அந்தப் படத்தை அடியில் வைத்து அதன் மேல் வரையச் சொல்லலாம். எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு டினாய்சிங் என்று ஓர் அளவு இருக்கும், 0 முதல் 1 வரை. 0.4 பக்கம் வைத்தால் சுவரும் சன்னலும் இடத்தில் நிற்கும், ஆனால் இல்லாத கட்டிலைப் புதிதாக வரையத் தயங்கும். 0.7-க்குப் போனால் கட்டில் வரும், சன்னல் நகர ஆரம்பிக்கும். அதனால் கட்டில் வரும் இடத்துக்கு மட்டும் மறைப்புப் போட்டு, அங்கே மட்டும் புதிதாக வரையச் சொல்லி அளவைக் கூட்டு. கண்ட்ரோல்நெட் என்ற துணைக் கருவியைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தால் ஆழத்தைப் பிடிக்கும் வகை சுவரின் இடம் மாறாமல் காக்கும், ஆனால் காலி அறையின் ஆழத்தையே பிடித்துக்கொண்டு கட்டிலையும் தடுக்கக்கூடும், அதனால் அதன் பலத்தைக் குறைத்து வை.

மறைத்து வரையும்போது ஒன்று கவனி: விளக்கு அந்த மறைப்புக்குள் இருக்கும், ஆனால் விளக்கின் ஒளி சுவரில் விழும் இடம் மறைப்புக்கு வெளியே இருந்தால் சுவர் இருட்டாகவே நிற்கும். விளக்கு எரியும், வெளிச்சம் இருக்காது. பேய்ப் படம் மாதிரி. தலைமாட்டுச் சுவரையும் சேர்த்தே மறை.

டோபி அக்கா
நான் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பார்த்தவள், இப்போது சொந்தமாக டோபிக் கடை. நீங்கள் எல்லாம் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் துணியைப் பற்றிக் கேட்கிறேன். தம்பி, உங்கள் முதலாளி உண்மையிலேயே லினன் வாங்கப் போகிறாரா? லினன் விலை தெரியுமா அவருக்கு? ஹோட்டல்களில் நாங்கள் கையாண்டது பெரும்பாலும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது, காரணம் சீக்கிரம் காயும், இஸ்திரி நிற்கும். லினன் நன்றாகக் கசங்கும், நம் ஊர் ஈரத்தில் மடித்து அலமாரியில் வைத்தால் வாடை பிடிக்கும், சரியாகக் காயாவிட்டால் பூஞ்சைப் புள்ளி வரும். படத்தில் கசங்கல் அழகு. நிஜத்தில் அந்தக் கசங்கலைப் பார்த்தால் விருந்தாளி ‘விரிப்பு மாற்றவில்லை’ என்று முன்மேசைக்குப் போன் போடுவார், நான் எத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தோட்டத்துப்பையன்
அக்கா, கேட்டுப் பார்த்தேன். ‘லினன் லுக்’ வந்தால் போதும் என்கிறார். வாங்கப் போவது பருத்திக் கலப்பு என்று நினைக்கிறேன்.

டோபி அக்கா
பார்த்தீர்களா.

நிழல்வெளிச்சம்
அக்கா சொல்வது சரி, அப்படியானால் பிராம்ப்டையும் மாற்ற வேண்டும். வாங்கப் போவது கலப்புத் துணி என்றால் `white cotton percale, smooth, pressed` என்று எழுது, கசங்கலை எடுத்துவிடு. லினனைக் கட்டில் கால்மாட்டில் ஒரு போர்வையாகவோ, இரண்டு சின்னத் தலையணை உறையாகவோ மட்டும் வைக்கலாம், அதை நிஜமாக வாங்கவும் கட்டுப்படியாகும். துவைப்பதும் அடிக்கடி இருக்காது. நிறமும் வெள்ளையாக இல்லாமல் சாயம் போடாத இயற்கை நிறம் என்றால் விளக்கொளியில் இன்னும் நன்றாக எடுபடும், வெள்ளை விரிப்புக்குப் பக்கத்தில் அது இருப்பதால் வெள்ளையும் வெள்ளையாகவே தெரியும்.

பிக்சல் ராஜா
இது விளம்பரப் படம்தானே அண்ணே, கொஞ்சம் கூட்டிக் காட்டுவதில் என்ன தப்பு? எல்லோரும் செய்கிறார்கள். கீழே ‘கம்பார் ஹியாசான்’ என்று சின்னதாகப் போட்டால் முடிந்தது. மீ பாக்கெட்டில் இறால் படம் போடவில்லையா.

வரிக்குவரி
நான் வக்கீல் இல்லை, ஒரு நிறுவனத்தில் விளம்பர வாசகங்களைச் சரிபார்க்கும் வேலை. மீ பாக்கெட்டும் முன்பதிவுப் பக்கமும் ஒன்றல்ல. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆள் பணம் கட்டுகிறார், வருவதற்கு முன் நேரில் பார்க்க வழியில்லை. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும், தவறாக வழிநடத்துவதையும் பொய்யான சித்திரிப்பையும் தடுக்கிறது. 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டமும் உண்டு. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டதும் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்று நான் எழுத்தில் தரமாட்டேன். அதோடு தளத்தின் விதிகளையும் படியுங்கள் தம்பி, நிஜ அறையின் புகைப்படம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தால் இந்தப் படத்தைப் புகைப்பட வரிசையில் போடவே கூடாது. ‘புதுப்பிப்புக்குப் பிறகு அறை இப்படி இருக்கும் என்பதற்கான கணினிச் சித்திரிப்பு’ என்று படத்தின் மேலேயே, படிக்கிற அளவில், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

பிக்சல் ராஜா
மேலே எழுதினால் படத்தின் அழகு போய்விடும். யார் கிளிக் பண்ணுவார்கள்?

வரிக்குவரி
அது தம்பியும் அவர் முதலாளியும் தீர்மானிக்க வேண்டியது. பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது என்னிடம் வராதீர்கள்.

நிழல்வெளிச்சம்
என் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் பிராம்ப்டில் 28mm என்று எழுதியதற்கு இதுவும் காரணம். 16mm என்று எழுதினால் அறை மண்டபம் மாதிரி விரியும். 28-க்குக் குறைத்தால் அளவு பொய்யாகிறது என்பது என் கணக்கு, மற்ற புகைப்படக்காரர்கள் 24 வரை போவார்கள், அவர்களோடு சண்டை இல்லை.

அனுப்புவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிச் சின்னச் சாமான்களைப் பார். சுவரில் பிளக் எப்படி இருக்கிறது? பல தடவை அமெரிக்க இரட்டைக் கோட்டுத் துளைதான் வரும், நம்முடையது மூன்று செவ்வகத் துளை, பக்கத்தில் சுவிட்ச். உள்ளூர் ஆள் உடனே கண்டுபிடித்துவிடுவார். விளக்குக்கு ஒயர் இருக்கிறதா, கண்ணாடியில் தெரியும் விளக்கு இந்தப் பக்கமும் எரிகிறதா, நாக்கோ சன்னலின் கண்ணாடிப் பட்டைகள் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று பார். பட்டைகள் பாதியில் ஒன்றோடு ஒன்று கலந்து போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படியிருந்தால் முழுப் படத்தையும் திரும்ப வரையாதே, அந்த இடத்தை மட்டும் உன் கைப்பேசிப் படத்திலிருந்து வெட்டி ஒட்டு.

கடைசி பெஞ்ச்
நான் முன்னே சொன்னதைக் கிண்டல் பண்ணினீர்கள், இப்போது சொல்லுங்கள்: படத்தில் இதமான விளக்கைக் காட்டிவிட்டு அறையில் 6500 டேலைட் மாட்டினால் அந்த விருந்தாளி என்ன எழுதுவார்?

நிழல்வெளிச்சம்
அண்ணன் பாயிண்டைப் பிடித்துவிட்டார். தம்பி, பல்பு 2700 வாங்கச் சொல். கூரைக்கும் அதே 2700 அல்லது 3000, கலந்து மாட்டினால் படுக்கை விளக்கு அழுக்கு மஞ்சளாகத் தெரியும்.

தோட்டத்துப்பையன்
முதலாளியிடம் பேசினேன். பல்பு சரி என்றார், கால்மாட்டு லினன் போர்வையும் சரி. படத்தின் மேல் எழுதுவதற்குத்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ‘பக்கத்தின் கீழே போடு’ என்கிறார். தளத்தின் ஆதரவுப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், சித்திரிப்புப் படத்தை எந்த இடத்தில் போடலாம் என்று.

டோபி அக்கா
அந்தப் போர்வைக்கு மாற்றுத் துணி இரண்டாவது வாங்கச் சொல்லுங்கள். ஒன்று என் கடையில் காயும்போது கட்டிலில் என்ன போடுவார்?

தோட்டத்துப்பையன்
சொல்லிவிடுகிறேன் அக்கா. கட்டில் வந்ததும் நிழல்வெளிச்சம் அண்ணனை ஒரு நாள் அந்திக்குக் கூப்பிட்டு நிஜப் படம் எடுத்து, இந்தச் சித்திரிப்பை நீக்கிவிடலாமா என்றும் முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். கட்டணம் என்னவென்று தனியாக எழுதுங்கள் அண்ணே.